மடிப்பில் கிழிகிற பட்டு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கல்யாண வேலையெல்லாம் ஓய்ந்து இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன். வரவேற்பு அன்று என் முகூர்த்தப் புடவையைத் தடவிப் பார்த்துவிட்டு நீ கேட்டதற்கு, பந்தியில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. நம் இருவருக்கும் 1991-இல்தான் கல்யாணம். சித்தியும் அம்மாவும் ஒரே நாளில் காஞ்சிபுரம் போய் எடுத்த புடவைகள். என்னுடையதை இன்னும் கட்டுகிறேன். உன்னுடையதைப் பிரித்ததும் நடுவில் கோடு கிழித்தாற்போல் பிளந்துவிட்டது என்று கண் கலங்கினாய்.

நீ கட்டியதால் அது கிழியவில்லை. கடைக்காரர் போட்ட மடிப்பைக் கலைக்காமல், அதே பிளாஸ்டிக் உறையில் முப்பது வருஷம் வைத்திருந்தாய். நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. எவ்வளவு மெல்லியதானாலும் அது உலோகம்தான். ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்தால் தகடு ஒடிகிறது. ஒடிந்த விளிம்பு பக்கத்துப் பட்டிழையை அறுக்கிறது. மேலே வேறு புடவைகளை அடுக்கினால் மடிப்பு இன்னும் கூர்மையாகும். உறைக்குள் புழுங்கிய ஈரம் வெள்ளியைக் கறுக்க வைக்கும்; பட்டின் வலுவையும் குறைக்கும்.

நான் செய்வது இவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வெயில் காய்கிற நாளாகப் பார்த்துப் புடவையை எடுப்பேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பீரோவைத் திறந்து காற்றாட விடுவதில்லை. அந்தக் காற்றே ஈரம். கட்டில் மேல் பருத்தி விரிப்பைப் போட்டுப் புடவையைப் பிரித்து, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் விடுவேன். வெயிலில் போட்டால் சாயம் வெளுக்கும். பிறகு பழைய மடிப்பு எங்கே விழுந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்பேன். போன முறை அகலத்தை இரண்டாக மடித்திருந்தால் இந்த முறை மூன்றாக மடிப்பேன். அப்படிச் செய்தால் பழைய கோட்டில் புது மடிப்பு விழாது. சரிகை உள்பக்கம் போகும்படி மடித்து, மடிப்பு வளைகிற இடத்தில் பழைய பருத்தித் துணியைச் சுருட்டி வைப்பேன். கூர்மையாக மடங்காமல் உருண்டு நிற்கும். கஞ்சி போடாத, துவைத்துத் துவைத்து மெத்தென்றான வேட்டியில் சுற்றி அடுக்கின் உச்சியில் வைப்பேன். கஞ்சிக்கு ராமபாணப் பூச்சி வரும். அந்துருண்டையைப் புடவைக்குள் போடாதே. சரிகையில் பட்டால் நிறம் கெடும். நான் வசம்பையும் கிராம்பையும் துணியில் முடிந்து அலமாரியின் மூலையில் வைக்கிறேன். கனமான புடவையை ஹேங்கரில் தொங்கவிடவும் கூடாது. தன் எடையாலேயே ஒரே கோட்டில் இழுபடும்.

நம் பெண்ணின் புடவையையும் முகூர்த்தம் முடிந்த அன்றே கவனித்தேன். வியர்வையோடு மடித்து வைத்தால் அந்த உப்பு பட்டை அரிக்கும். அக்குள், இடுப்பு, முந்தானைப் பக்கங்களை நிழலில் இரவு முழுக்க ஆற விட்டேன். தாலிக் கயிற்று மஞ்சள் தோள் பக்கம் ஒட்டியிருந்தது. மாப்பிள்ளையின் அத்தை சோப்பு போடலாம் என்றார்; நான் தடுத்துவிட்டேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் அல்லவா, சோப்பும் அப்படித்தான் கறையைச் சிவக்க வைக்கும். உலர்சலவைக்குக் கொடுத்தபோது இது மஞ்சள் கறை, இது குத்துவிளக்கு எண்ணெய் என்று இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னேன். தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தைப் போட்டால் சாயமும் சேர்ந்து போய்விடும்.

இனி உன் புடவை. பழைய பட்டு வாங்குகிறவரிடம் போட்டுவிடலாமா என்றாய். அவர்கள் அதை எரித்து வெள்ளியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். போடாதே. முதலில் கிழிசலுக்கு அருகில் துணியை இரு கையாலும் பிடித்து மெல்ல இழுத்துப் பார். இழை விலகாமல் நின்றால் உள்பக்கம் அதே நிற மெல்லிய பட்டை வைத்துத் தைக்கலாம். லேசாக இழுத்ததும் இழை பிரிந்தால் பட்டு மட்கிவிட்டது. அதில் ஊசி போட்டால் ஒவ்வொரு துளையும் புதுக் கிழிசல்தான். அப்போது கட்டுகிற ஆசையை விட்டுவிட வேண்டும்.

முந்தானை கெடவில்லை என்றுதானே சொன்னாய்? பொங்கலுக்கு வரும்போது வேட்டியில் சுற்றிக் கொண்டு வா. மடிப்பு விழுந்த இடங்களை ஒதுக்கிவிட்டு, உன் பேத்திக்குப் பாவாடைக்கு எவ்வளவு தேறும் என்று சேர்ந்து அளந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா