எத்தனை மணிக்கு நடந்தது?

2019 நவம்பர் 20. வயநாடு மாவட்டம், சுல்தான் பத்தேரி. அரசுப் பள்ளி வகுப்பறையின் பொந்தில் ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கால் சிக்கியது. பாம்பு கடித்துவிட்டது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் தகப்பனார் வரும்வரை காத்திருந்தார்கள் என்று சக மாணவர்கள் குமுறினார்கள். சிறுமி அன்றே இறந்தாள். ஆசிரியர் சஸ்பெண்டு ஆனார். கேரளமே கேட்ட கேள்வி ஒன்றுதான்: கடித்தது எத்தனை மணிக்கு, கிளம்பியது எத்தனை மணிக்கு?

குழந்தை அடிபட்டு வீடு திரும்பினால், பெற்றோர் பள்ளிக்கு எழுதும் கடிதமும் இதைத்தான் கேட்க வேண்டும். ஆனால் திருவனந்தபுரத்திலும் சரி, வேறெங்கும் சரி, பெரும்பாலோர் எழுதுவது கோபத்தை. "நடவடிக்கை எடுங்கள்" என்று முடித்தால், "நேரில் வாருங்கள், பேசலாம்" என்று பதில் வரும். பேச்சு ஆளுக்கு ஆள் மாறும், எழுத்து மாறாது.

அரைப் பக்கம் போதும். எங்கே, எத்தனை மணிக்கு நடந்தது? அப்போது பொறுப்பில் இருந்த ஆசிரியர் யார்? முதலில் பார்த்தவர் யார், என்ன முதலுதவி? வீட்டுக்கு எப்போது போன் செய்தார்கள்? மருத்துவமனைக்குக் கூட்டிப்போனது யார்? இவற்றுக்கு எழுத்தில் விளக்கம், பதில் தர ஒரு தேதி. கூடவே ஒரு வரி: கேமரா பதிவை அழிக்காமல் வையுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும் என்பதால் இந்த வரிக்கு அவசரம் உண்டு. நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்குவது முக்கியம்.

உதாரணத்துக்கு, "இடைவேளையில் தானாக விழுந்தாள், உடனே சிகிச்சை அளித்தோம்" என்று பதில் வருகிறது. இடைவேளை 11 மணிக்கு. மருத்துவமனைச் சீட்டில் 12.40. அந்த 'உடனே'யின் நீளம் ஒரு மணி நாற்பது நிமிடம். அடுத்த கடிதம் அதை மட்டும் கேட்டால் போதும்.

பதிலே வராவிட்டால்? அரசுப் பள்ளியானால் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். கெடு 30 நாள். தனியார் பள்ளியிடம் அந்தச் சட்டத்தை நேராக நீட்ட முடியாது. கல்வித் துறை அலுவலகத்துக்கோ, சி.பி.எஸ்.இ.யின் திருவனந்தபுரம் மண்டல அலுவலகத்துக்கோ, அதே நகரில் உள்ள மாநிலக் குழந்தை உரிமை ஆணையத்துக்கோ முத்திரை விழுந்த நகலோடு புகார் அனுப்பலாம். தலைமைச் செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையைக் கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்குத் தந்திருக்கிறது.

ஆசிரியர் அடித்ததால் வந்த காயமானால் விஷயம் வேறு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. அங்கே விளக்கக் கடிதத்துக்காகக் காத்திருக்காமல் மருத்துவரிடமும் போலீசிடமும் போவதே முறை.

கடிதம் யாரையும் தண்டிக்காது. சில பள்ளிகள் எழுதவே மறுக்கும். ஆனால் தேதியிட்ட கேள்வி பெற்றோர் கையில் இருக்கும்வரை, "யாரும் எங்களிடம் கேட்கவில்லையே" என்று மட்டும் அவர்களால் சொல்ல முடியாது.