ஆஃபரை ஏற்கும் முன் மேலாளரிடம் பேசுங்கள்

பெரிய ஐ.டி. நிறுவனங்களில் இன்டர்வியூ எடுப்பவர் ஒருவர், சேர்ந்தபின் வேலை வாங்குபவர் இன்னொருவர் என்பது சகஜம். மொத்தமாக ஆள் எடுத்து, பிறகு தேவைப்படும் டீமுக்கு அனுப்புவார்கள். அதனால் யாருக்குக் கீழே வேலை பார்க்கப் போகிறோம் என்று தெரியாமலே பலர் ஆஃபருக்குச் சம்மதித்துவிடுகிறார்கள். ரெக்ரூட்டரிடம் கேட்டால் அந்த மேலாளருடன் அரை மணி நேரம் பேச ஏற்பாடு செய்து தரக்கூடும்.

கேட்க வேண்டிய நேரம், ஆஃபர் வந்தபின், சம்மதம் சொல்வதற்கு முன். தேர்வு முடியும்வரை முடிவு அவர்கள் கையில். தேர்வானதும், நீங்கள் வந்து சேர வேண்டுமே என்ற கவலை ரெக்ரூட்டருக்கு வந்துவிடும். நோட்டீஸ் பீரியட் இரண்டு மூன்று மாதம் ஓடுவதால், நடுவில் வேறு ஆஃபருக்குப் போய்விடுபவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். ராஜினாமா கொடுத்தபின் கேட்டால் இந்தப் பிடி இருக்காது.

சென்னையில் எட்டு ஆண்டு டெஸ்டிங் பார்த்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். இன்டர்வியூவில் கேட்டதெல்லாம் ஆட்டோமேஷன். கொடுக்கப்போவது பேமென்ட் டீம். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும். திங்களன்றே அவர் மெயில் அனுப்புகிறார்: “ஆஃபருக்கு நன்றி மேடம், சேர ஆர்வமாக இருக்கிறேன். டீமைப் பற்றித் தெரிந்துகொள்ள மேலாளருடன் அரை மணி நேரம் பேச முடியுமா? செவ்வாய், புதன் மாலை 5 மணிக்கு மேல் வசதிப்படும். வெள்ளிக்குள் முடிவைச் சொல்லிவிடுகிறேன்.” ஆர்வம், காரணம், நேரம், கெடு நான்கும் இருப்பதால், சம்பளத்தை ஏற்றப் பார்க்கிறார் என்ற சந்தேகம் எழாது.

அழைப்பில் சம்பளப் பேச்சு வேண்டாம், அது ரெக்ரூட்டரோடு. “இந்த இடம் புதிதா, யாராவது விட்டுப்போனதா?” என்று கேட்கிறார். ஒரே ஆண்டில் இருவர் போனதாக மேலாளர் சொன்னால், ஏன் போனார்கள் என்று மென்மையாகத் தொடரலாம். அடுத்து, “முதல் மூன்று மாதம் என்ன வேலை?” “முதலில் மேனுவல் டெஸ்டிங்தான், மாதத்தில் ஒரு வாரம் இரவு ஆன்-கால்” என்கிறார் மேலாளர். இன்டர்வியூவில் இதை யாரும் சொல்லவில்லை. ஆட்டோமேஷன் எப்போது தொடங்கும், ஆன்-காலுக்கு அலவன்ஸ் உண்டா என்று ரெக்ரூட்டருக்கு மெயிலில் எழுதி, பதிலையும் மெயிலிலேயே வாங்கிக்கொள்கிறார். வாய்ப்பேச்சு பின்னால் சாட்சிக்கு வராது.

மேலாளருக்கு நேரமில்லை என்றால் டீம் லீடிடம் பேசக் கேட்கலாம். “டீமே இன்னும் முடிவாகவில்லை” என்றால் அழைப்புக்கு வழியில்லை. எந்த ஊர், எந்த ஷிப்ட் என்பதையாவது ஆஃபர் லெட்டரில் எழுதச் சொல்லுங்கள். நல்ல மேலாளர் அமைந்தாலும் ஆறு மாதத்தில் அவர் மாறக்கூடும். ஆகவே மனிதரைப் பிடித்துப்போனது மட்டும் போதாது, அவர் சொன்ன வேலை உங்களுக்கு ஏற்றதா என்று பார்த்துச் சம்மதம் சொல்லுங்கள்.