1,200 வந்தது, 1,800 எங்கே?

"ஐயா, எனக்கு இன்னும் ஸ்காலர்ஷிப் முழுசா வரல. என் கூடப் படிக்கிறவங்க எல்லாருக்கும் வந்துருச்சு. எப்ப வரும்னு சொல்லுங்க. வீட்டுல ரொம்பக் கஷ்டம். ப்ளீஸ் ஹெல்ப் பண்ணுங்க."

கல்வி உதவித்தொகையை நம்பிப் படிக்கும் பிள்ளைகள் அலுவலகத்துக்கு அனுப்பும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. இதில் பொய் ஒன்றும் இல்லை, பணிவுக்கும் குறைவில்லை. ஆனால் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் எழுத்தர் இதை வைத்துக்கொண்டு எதையும் தேட முடியாது. யார், எந்தக் கல்லூரி, எந்த ஆண்டுக்கான பணம், எவ்வளவு வந்தது, எவ்வளவு வரவில்லை? ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட இதில் பதில் இல்லை. மாவட்ட அலுவலகம் ஒன்றில் ஒரே பெயரில் பல மாணவர்கள் இருப்பார்கள். ஆளைப் பிரித்துக் காட்டுவது விண்ணப்ப எண் மட்டும்தான்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அரசு கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் ஆண்டு, ஆதிதிராவிடர் வகுப்பு, வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறார். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான மத்திய அரசின் உதவித்தொகைத் திட்டத்தில், இவரைப் போன்ற பட்டப்படிப்பு மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய் பராமரிப்புத் தொகை உண்டு. மார்ச் மாதம் அவர் கணக்கில் 1,200 ரூபாய் ஏறியது. ஜூன் பாதி தாண்டியும் மீதி வரவில்லை. தொகையைத் தவறாகக் கணக்குப் போட்டுவிட்டார்கள் என்று அவர் நினைக்கிறார்.

கணக்கில் தவறு இல்லை. 2021-22 முதல் இந்தத் திட்டத்தின் செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, 40 சதவீதம் மாநில அரசுடையது. மாநில அரசு தன் பங்கை முதலில் கொடுக்க வேண்டும். அதன் பிறகே மத்திய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வரும். 3,000-த்தில் 40 சதவீதம் 1,200. ஆக, அவருக்கு மாநிலப் பங்கு முழுதாக வந்துவிட்டது. வராதது மத்தியப் பங்கான 1,800. "குறைவாக வந்திருக்கிறது" என்று எழுதினால் எழுத்தர் தொகைப் பட்டியலைப் புரட்டுவார். "மாநிலப் பங்கு வந்தது, மத்தியப் பங்கு வரவில்லை" என்று எழுதினால் பணம் அனுப்பிய நிலையைப் பார்ப்பார். இந்த ஒரு வாக்கியத்திலேயே தேட வேண்டிய இடம் மாறிவிடுகிறது.

எழுதும் முன் ஒரு வேலை இருக்கிறது, அதைத் தவிர்க்கவே கூடாது. மத்தியப் பங்கு கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை. ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. ஒருவருக்கு நான்கு வங்கிகளில் கணக்கு இருந்தாலும், அரசுப் பணம் வாங்க ஒரு நேரத்தில் ஒரு வங்கியோடுதான் ஆதார் இணைந்திருக்கும். கடைசியாக எந்த வங்கியில் அதற்குச் சம்மதம் கொடுத்தாரோ, அங்கேதான் பணம் போகும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தது இதற்குப் போதாது. அது அடையாளச் சான்று மட்டுமே. மானியமும் உதவித்தொகையும் வருவதற்கான இணைப்பு தனி. கல்லூரியில் சேர்ந்தபோதோ, பகுதிநேர வேலைக்குச் சேர்ந்தபோதோ புதுக் கணக்கு தொடங்கிப் படிவத்தில் ஒரு கட்டத்தை டிக் செய்திருந்தால், இணைப்பு சத்தமில்லாமல் புது வங்கிக்கு மாறியிருக்கும்.

இதை ஆதார் இணையதளத்தில் 'Bank Seeding Status' என்ற பகுதியில் பார்க்கலாம். வங்கியின் பெயரும், இணைப்பு நடப்பில் இருக்கிறதா என்பதும் அதில் தெரியும். வேறு வங்கியின் பெயர் வந்தால் முதலில் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். 1,800 அங்கே உட்கார்ந்திருக்கலாம், கடிதமே தேவைப்படாது. இணைப்பு நடப்பில் இல்லை என்று காட்டினால் போக வேண்டிய இடம் வங்கிக் கிளை. அதைச் சரிசெய்யாமல் அலுவலகத்துக்கு எத்தனை முறை எழுதினாலும் பணம் திரும்பித் திரும்பிப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

நம் மாணவிக்கு மார்ச்சில் பணம் வந்த அதே வங்கியே காட்டுகிறது, இணைப்பும் நடப்பில் இருக்கிறது. இப்போது எழுதலாம். கீழே உள்ள எண்ணும் தேதிகளும் மாதிரிக்காகப் போட்டவை.

பொருள்: விண்ணப்ப எண் 1234567890 – 2024-25 உதவித்தொகை – மத்தியப் பங்கு ரூ.1,800 வரவில்லை

"ஐயா / அம்மா, வணக்கம். நான் (பெயர்), (கல்லூரி) பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. 2024-25ஆம் ஆண்டுக்கு 14.11.2024 அன்று விண்ணப்பித்தேன். கல்லூரி 02.12.2024 அன்று ஒப்புதல் கொடுத்தது. மாநிலப் பங்கு ரூ.1,200 என் கணக்கில் 20.03.2025 அன்று வரவானது. மத்தியப் பங்கு ரூ.1,800 இன்றுவரை (16.06.2025) வரவில்லை. 14.06.2025 அன்று பார்த்தபோது என் ஆதார் அதே வங்கிக் கணக்குடன் இணைப்பில் இருந்தது. அதன் படத்தை இணைத்துள்ளேன். பணம் அனுப்பப்பட்டுத் திரும்பியதா, இன்னும் அனுப்பப்படவில்லையா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். திரும்பியிருந்தால், காரணத்தைச் சொன்னால் உடனே சரிசெய்துகொள்வேன்."

இந்தக் கடிதத்தில் தேதிகள்தான் பாதி வேலையைச் செய்கின்றன. கல்லூரி ஒப்புதல் தேதியைப் பார்த்ததும், விண்ணப்பம் கல்லூரியில் தேங்கவில்லை என்று தெரிந்துவிடுகிறது. அந்தத் தேதியே இல்லையென்றால் மாணவி முதலில் போக வேண்டியது கல்லூரியின் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனுக்கு. மாநிலப் பங்கு வந்த தேதியைப் பார்த்தால், விண்ணப்பம் ஏற்கப்பட்டதா என்ற கேள்வியும் போய்விடுகிறது. மிஞ்சுவது கடைசிக் கட்டம் ஒன்றுதான். "மார்ச்சில் வந்தது" என்பதைவிட "20.03.2025" நல்லது, எழுத்தர் அந்த நாளின் பட்டியலை நேராகத் திறந்துவிடலாம்.

கல்வியாண்டை எழுதுவதும் முக்கியம். 2024-25க்கான பணம் பெரும்பாலும் அடுத்த நிதியாண்டில்தான் கைக்கு வருகிறது. ஆண்டைக் குறிப்பிடாவிட்டால், ஜூனில் வரும் கடிதத்தைப் புது ஆண்டு விண்ணப்பம் பற்றியது என்று நினைத்து, "இணையதளம் இன்னும் திறக்கவில்லை" என்று பதில் போட்டுவிடுவார்கள்.

"எப்ப வரும்?" என்ற கேள்வி எங்கே போனது என்று சிலர் கேட்கலாம். அதற்கு மாவட்ட அலுவலகத்தில் பதில் கிடையாது, ஏனென்றால் மத்தியப் பங்கை அவர்கள் அனுப்புவதில்லை. 'திரும்பியதா, அனுப்பவே இல்லையா' என்பதை அவர்கள் பார்த்துச் சொல்ல முடியும். குடும்பக் கஷ்டத்தை எழுதுவதில் தவறே இல்லை. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கினால் அந்தத் தேதியை ஒரு வரியில் எழுதுங்கள். அது அவசரத்தைப் புரியவைக்கும். நண்பர்களுக்கு வந்ததை எழுத வேண்டாம். அவர்கள் விண்ணப்பித்த நாளும் படிப்பும் வேறாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. முழு ஆதார் எண்ணையும், கணக்கு எண் முழுதாகத் தெரியும் பாஸ்புக் படத்தையும் செய்தியில் அனுப்பாதீர்கள். கடைசி நான்கு இலக்கங்கள் போதும். ஸ்கிரீன்ஷாட்டிலும் மற்ற இலக்கங்களை மறைத்துவிடுங்கள். "பணம் போட ஓ.டி.பி. சொல்லுங்க" என்று யார் போன் செய்தாலும் அது மோசடி, எந்த உதவித்தொகை அலுவலகமும் அதைக் கேட்பதில்லை.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் புதிதாக ஒரு மின்னஞ்சல் தொடங்காமல், பழையதற்கே பதிலாக, "16.06.2025 அன்று அனுப்பிய கீழ்க்காணும் செய்தி தொடர்பாக" என்று இரண்டு வரி எழுதினால் போதும். அதற்கும் அசைவில்லை என்றால் தமிழக அரசின் முதல்வர் உதவி மைய எண் 1100 இருக்கிறது. அங்கே பேசும்போதும் இதே விண்ணப்ப எண்ணையும் இதே தேதிகளையும் வரிசையாகச் சொல்லி, அவர்கள் தரும் மனு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த கடிதத்தின் பொருள் வரியில் அந்த எண்ணும் சேரும்.