758 பேர், மூன்று சதவீதங்கள்

சர்வே முடிந்ததும் நம் கைக்கு வருவது ஓர் எக்செல் கோப்பு. ஒரு வரிக்கு ஓர் ஆள், ஒரு நெடுவரிசைக்கு ஒரு கேள்வி. அதை வாசகர் விரும்பிப் படிக்கும் கட்டுரையாக மாற்ற உட்காருகிறவர்களில் பலர், திறந்த கையோடு சார்ட் போடப் போய்விடுகிறார்கள். படம் அழகாக வந்துவிடும். ஆனால் அதிலுள்ள சதவீதம் எத்தனை பேரில், எப்படிப்பட்டவர்களில் கணக்கிடப்பட்டது என்று கேட்டால் பதில் இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. அதை எப்படிச் செய்வது என்று காட்ட, யாரும் இறக்கிப் பார்க்கக்கூடிய ஒரு கோப்பையே எடுத்துக்கொள்கிறேன்.

2014 ஜூன் மாதம், ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற அமெரிக்கத் தரவு இதழியல் தளம், சர்வேமங்கி நிறுவனத்தின் வழியாக ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களைப் பற்றி இணையத்தில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. அதுவரை வந்திருந்தவை ஆறு படங்கள். நான்கு, ஐந்து, ஆறு என்று எண்ணிடப்பட்ட பாகங்கள் 1977, 1980, 1983-இல் முதலில் வந்தன. ஒன்று, இரண்டு, மூன்றாம் பாகங்கள் 1999, 2002, 2005-இல் பின்னால் வந்தன. பதில் சொன்னவர்கள் 1,186 பேர். ஜூலையில் கட்டுரை வெளியானது. மூலக் கோப்பையும் `StarWars.csv` என்ற பெயரில் கிட்ஹப்பில் எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள்.

கோப்பைத் திறந்தால் 38 நெடுவரிசைகள் இருக்கும். தலைப்பு ஒரு வரியில் அடங்காமல் இரண்டு வரிகளில் இருக்கும். முதல் வரியில் கேள்வி. இரண்டாவது வரியில் `Response` என்ற சொல்லோ படத்தின் பெயரோ. சர்வே மென்பொருள்கள் தரும் கோப்புகளில் இந்த இரட்டைத் தலைப்பு சாதாரணம். அதைக் கவனிக்காமல் எண்ணினால் ஒவ்வொரு கணக்கிலும் ஒருவர் கூடிவிடுவார். ஒரு தலைப்பின் கடைசியில் புரியாத எழுத்துகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழில் நடத்திய சர்வேயாக இருந்தால் இந்தக் கோளாறு பதில்கள் முழுவதிலும் வரும். சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் நேரடியாகத் திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து `UTF-8` என்று தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் உடையாமல் வரும்.

D முதல் I வரை உள்ள ஆறு நெடுவரிசைகள், ‘இவற்றில் எந்தெந்தப் படங்களைப் பார்த்திருக்கிறீர்கள்?’ என்ற கேள்விக்கு உரியவை. டிக் செய்திருந்தால் கட்டத்தில் படத்தின் பெயர் இருக்கும். செய்யாவிட்டால் கட்டம் வெறுமையாக இருக்கும். படப் பெயர்களில் சில இடங்களில் இரட்டை இடைவெளி விழுந்திருப்பதால், பெயரைத் தேடி எண்ணுவதைவிடக் காலியில்லாத கட்டங்களை எண்ணுவது பத்திரம். ஐந்தாம் பாகத்துக்கு உரியது H.

```
=COUNTA(H3:H1188)
```

விடை 758. சரி, அமெரிக்கர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் ஐந்தாம் பாகத்தைப் பார்த்திருக்கிறார்கள்? மொத்தம் 1,186 பேரில் என்றால் 64. ‘ஸ்டார் வார்ஸ் படம் ஏதாவது பார்த்ததுண்டா?’ என்ற முதல் கேள்விக்கு ஆம் என்றவர்கள் 936 பேர். அவர்களில் என்றால் 81. ஆறில் ஒரு படத்தையாவது டிக் செய்தவர்கள் 835 பேர். அவர்களில் என்றால் 91. மூன்று கணக்கிலும் கூட்டல் பிழை இல்லை. மூன்றும் ஒரே கோப்பிலிருந்து வந்தவை. ஆனால் இவற்றை வைத்து எழுதும் தலைப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவராது.

எதை எடுப்பது என்று தீர்மானிக்க, வெறுமையான கட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்டார் வார்ஸே பார்த்ததில்லை என்று சொன்ன 250 பேரின் கட்டங்களும் வெறுமைதான். ஆம் என்று சொல்லிவிட்டு ஒரு படத்தையும் குறிக்காத 101 பேரின் கட்டங்களும் வெறுமைதான். முதல் வகை உண்மையான ‘இல்லை’. இரண்டாவது வகையில் பதிலே கிடைக்கவில்லை. அந்த 101 பேரையும் ‘பார்க்காதவர்கள்’ கணக்கில் சேர்த்தால், அவர்கள் சொல்லாத ஒன்றை நாம் சொல்லவைத்ததாகிவிடும். அதனால் ஃபைவ்தர்ட்டிஎய்ட் 835 பேரை எடுத்துக்கொண்டு, அந்த எண்ணைச் சார்ட்டின் மேலேயே எழுதியது. அந்த முடிவு சரியானது என்பதே என் கருத்து. நம் சர்வேயிலும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும், காலிக் கட்டம் ‘இல்லை’யா, ‘கேட்கப்படவில்லை’யா, ‘பாதியில் எழுந்து போய்விட்டார்’ என்பதா என்று ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டுதான் எண்ண ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்தது, எந்தப் படம் சிறந்தது என்ற கேள்வி. J முதல் O வரை ஆறு படங்களுக்கும் 1 முதல் 6 வரை ரேங்க் கொடுத்திருக்கிறார்கள். 1 என்றால் மிகப் பிடித்தது. எல்லோரும் முதலில் செய்வது சராசரி எடுப்பதுதான். எடுத்தால் ஐந்தாம் பாகத்துக்கு 2.51, மூன்றாம் பாகத்துக்கு 4.34 என்று வரும். இதைச் சார்ட்டாகப் போட்டுப் பாருங்கள். மிகப் பிடித்த படத்தின் பட்டை குட்டையாகவும், பிடிக்காத படத்தின் பட்டை நீளமாகவும் நிற்கும். நீளமான பட்டை என்றால் அதிகம் என்று பழகிய கண்ணுக்கு எல்லாம் தலைகீழாகத் தெரியும். ‘2.51’ என்பதை ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லவும் வராது.

அதைவிடப் பெரிய கோளாறு உள்ளே இருக்கிறது. மூன்றாம் பாகத்தைப் பார்த்தவர்கள் 550 பேர்தான். ஆனால் ரேங்க் கொடுத்தவர்கள் கிட்டத்தட்ட 835 பேரும். அதாவது ஏறக்குறைய 285 பேர், பார்க்காத படத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவர்கள் மீது தவறில்லை. ஆறையும் வரிசைப்படுத்தச் சொன்னது கேள்வித்தாள். அந்த ரேங்க்குகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், கிடைப்பது படத்தின் தரமும் அது எத்தனை பேரை எட்டியது என்பதும் கலந்த ஒரு குழம்பல். ஆகவே ஆறையும் பார்த்தவர்களை மட்டும் பிரிக்க வேண்டும். கோப்பின் வலது ஓரத்தில் AM என்ற காலி நெடுவரிசையில், ஒவ்வொருவரும் எத்தனை படம் பார்த்தார் என்று எண்ணிக்கொள்ளலாம்:

```
=COUNTA(D3:I3)
```

இதைக் கீழே 1188-ஆம் வரி வரை இழுத்துவிட்டு, ஆறையும் பார்த்தவர்களையும், அவர்களில் ஐந்தாம் பாகத்துக்கு முதலிடம் கொடுத்தவர்களையும் எடுக்கலாம்:

```
=COUNTIF(AM3:AM1188,6)
=COUNTIFS(AM3:AM1188,6,N3:N1188,1)
```

ஆறையும் பார்த்தவர்கள் 471 பேர். அவர்களில் 36 சதவீதம் பேர் ஐந்தாம் பாகத்துக்கு முதலிடம் தந்திருக்கிறார்கள். நான்காம் பாகத்துக்கு 27, ஆறாம் பாகத்துக்கு 17, முதல் பாகத்துக்கு 10, மூன்றாம் பாகத்துக்கு 6, இரண்டாம் பாகத்துக்கு 4.

எண்களை இப்படிப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கியதும் கட்டுரை தானாகவே எழுந்து வருகிறது. முதல் மூன்று இடங்களும் பழைய படங்களுக்கு, கடைசி மூன்று இடங்களும் புதிய படங்களுக்கு. 80-க்கு 20. கோப்பில் பாகம் எண்படி அடுக்கியிருந்தபோது இது கண்ணில் படவில்லை. சார்ட்டும் இதே வரிசையில் இருக்கட்டும். படுக்கை வாட்டில் ஆறு பட்டைகள். மேல் மூன்றுக்கு அடர்ந்த ஒரு நிறம், கீழ் மூன்றுக்குச் சாம்பல். பட்டை படுத்திருந்தால் நீளமான தமிழ்ப் பெயர்களை இடப்பக்கம் நேராக எழுதலாம். போனில் படிக்கிறவர் கழுத்தைச் சாய்க்க வேண்டியதில்லை. எண்ணைப் பட்டையின் நுனியிலேயே போட்டுவிட்டால் பின்னணிக் கோடுகள், கீழ் அளவுகோல், நிறக்குறிப்புப் பெட்டி எதுவும் தேவைப்படாது. மென்பொருள் தானாக வைக்கும் அந்த மூன்றையும் அழித்துவிடுங்கள். பட்டை மட்டும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சார்ட்டின் தலைப்பில் ‘சிறந்த ஸ்டார் வார்ஸ் படம்’ என்று எழுதினால் வாசகருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘பத்தில் எட்டுப் பேருக்குப் பழைய மூன்றில் ஒன்றுதான் பிடித்த படம்’ என்று கண்டுபிடிப்பையே தலைப்பாக்குங்கள். அதன் கீழே சிறிய எழுத்தில்: ‘ஆறு படங்களையும் பார்த்த 471 பேரில், முதலிடம் கொடுத்தவர்கள் (%). இணையக் கணக்கெடுப்பு, அமெரிக்கா, ஜூன் 2014.’ சார்ட்டை யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டாலும் இந்த இரண்டு வரிகளும் கூடவே போகும்.

எதை எழுதக் கூடாது என்பதும் இந்த எண்களிலேயே இருக்கிறது. மூன்றாம் பாகத்துக்கு 6, இரண்டாம் பாகத்துக்கு 4 என்பதால் ‘இருப்பதிலேயே மோசமானது இரண்டாம் பாகம்’ என்று எழுதலாமா? 471 பேரில் 2 சதவீதம் என்பது ஒன்பது, பத்து பேர். இதே சர்வேயை வேறு 471 பேரிடம் நடத்தினால் அந்த வரிசை எளிதில் மாறிவிடும். 80-க்கு 20 மாறாது. எனவே கட்டுரை 80-க்கு 20 மீது நிற்கட்டும். கடைசி இரண்டு பட்டைகளைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். இது இணையக் குழுவிடம் எடுத்த கணக்கு என்பதால், ‘அமெரிக்கர்கள் இப்படி நினைக்கிறார்கள்’ என்பதைவிட ‘பதில் சொன்னவர்கள்’ என்று எழுதுவதுதான் நேர்மை.

இன்னொரு நெடுவரிசை இதைவிட நுட்பமானது. AD-யில் ‘யார் முதலில் சுட்டார்?’ என்ற கேள்வி. 1977 படத்தில் ஹான் சோலோ என்ற நாயகன் கிரீடோவைச் சுடுவான். 1997-இல் மறுபடியும் வெளியிட்டபோது, கிரீடோ முதலில் சுடுவதுபோல மாற்றிவிட்டார்கள். ரசிகர்கள் அதை இன்றுவரை மன்னிக்கவில்லை. ஹான் என்று சொன்னவர்கள் 325 பேர், கிரீடோ என்றவர்கள் 197 பேர். ‘கேள்வியே புரியவில்லை’ என்ற விடையைத் தேர்ந்தவர்கள் 306 பேர். அந்த 306-ஐ ‘தெரியாது’ என்று ஒதுக்கிவிட்டுச் சார்ட் போட்டால் ஹானுக்கு 62 சதவீதம், பெரும் வெற்றி. சேர்த்துப் போட்டால் ஹான் 39, புரியவில்லை 37, கிரீடோ 24. ரசிகர்கள் உயிரை விட்டுச் சண்டை போடும் ஒரு விஷயம், படம் பார்த்தவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு மேல் என்னவென்றே தெரியாது. இந்த நெடுவரிசையின் நிஜமான செய்தி அதுதான். ‘தெரியாது’, ‘சொல்ல விரும்பவில்லை’, ‘பொருந்தாது’ என்ற பதில்களை மென்பொருளின் வடிகட்டியில் டிக் எடுத்து நீக்குவதற்கு முன், அவற்றையும் ஒரு பட்டையாகப் போட்டுப் பாருங்கள். ரத்தினம் சில சமயம் அங்கேதான் கிடைக்கும்.

உங்கள் ஊர் நூலகத்துக்கோ கல்லூரிக்கோ சங்கத்துக்கோ நடத்திய சர்வேயை எழுதும்போது, கேள்விகளைக் கேட்ட சொற்களிலேயே கட்டுரையின் கீழே அச்சிடுங்கள். பெயர், கைபேசி எண், ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் நீக்கிவிட்டுக் கோப்பையும் வெளியிடுங்கள். 1,186 பேரின் பதில்களை அவர்கள் அப்படித் திறந்து வைத்ததால்தான் 758 என்ற எண்ணை நாம் இங்கே உட்கார்ந்து சரிபார்க்க முடிகிறது.