மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு: மலிவான காரின் மறைந்த ஓட்டம்

செகண்ட் ஹேண்ட் கார் விற்கும் இடத்தில் ஒரே ஆண்டில் பதிவான ஒரே மாடல் கார்கள் இரண்டு நிற்கும். பெயின்ட் இரண்டிலும் பளபளக்கும், மீட்டரும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டும். ஆனால் ஒன்றின் விலை மட்டும் ஒரு லட்சம் ரூபாய் குறைவாக இருக்கும். இத்தகைய விலைக் குறைவுக்குப் பல நேரங்களில் காரணம், அந்தக் கார் முன்பு டாக்ஸியாகவோ வாடகை வண்டியாகவோ நிறுவன ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டியாகவோ ஓடியது என்பதுதான்.

இந்தியாவில் நம்பர் பலகையின் நிறமே காரின் தொழிலைச் சொல்லிவிடும். டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கருப்பு எழுத்து. வாடகைக்கு எடுப்பவரே ஓட்டிச் செல்லும் செல்ஃப் டிரைவ் காருக்குக் கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு வெள்ளைப் பலகையில் கருப்பு எழுத்து. மஞ்சள் போர்டு வண்டியை வெள்ளை போர்டாக, அதாவது ஓன் போர்டாக மாற்றுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. பெர்மிட்டை ஒப்படைத்து, கடன் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வாங்கி, சொந்தக் காருக்கான வரியைக் கட்டினால், ஆர்.டி.ஓ. அலுவலகம் ஆர்.சி.யில் வண்டியின் வகையை மாற்றித் தரும். இதில் குற்றம் ஏதுமில்லை. முன்கதையை வாங்குபவரிடம் மறைப்பதும், அதற்குத் துணையாக மீட்டரில் கிலோமீட்டரைக் குறைப்பதும்தான் மோசடி.

மறைக்கப்படும் ஓட்டம் எவ்வளவு என்பதை எளிதாகக் கணக்கிடலாம். குடும்பத்துக்கு ஓடும் கார் ஆண்டுக்குப் பத்தாயிரம் முதல் பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். டாக்ஸி ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடுவதாக வைத்துக்கொண்டால் 60,000 ஆகிறது. நான்கே ஆண்டில் 2,40,000. அந்த வண்டியை 70,000 காட்டும் மீட்டரோடு விற்றால், வாங்குபவர் பார்க்காத ஓட்டம் 1,70,000 கிலோமீட்டர்.

கிலோமீட்டரில் அடங்காத தேய்மானமும் உண்டு. ரயில் நிலையத்திலோ அலுவலக வாசலிலோ பயணிக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஏ.சி. போட்டுக்கொண்டு இன்ஜின் ஐட்லிங்கில் ஓடிக்கொண்டே இருக்கும். மீட்டர் நகராது, ஆயிலோ கெட்டுக்கொண்டிருக்கும். ஒரு மணி நேர ஐட்லிங்கை ஐம்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் கணக்கும் வாகனத் துறையில் உண்டு. மீட்டரை மட்டும் பார்த்து ஆயில் மாற்றும் டிரைவர் இந்த நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டர்போ உள்ள டீசல் வண்டியில் இந்த அலட்சியத்தின் பலன் முதலில் டர்போவில்தான் தெரியும். அதன் சுழல் தண்டு அந்த ஆயிலை நம்பித்தான் சுற்றுகிறது.

முன்பு தொழிலுக்கு ஓடிய எல்லாக் கார்களையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. ஒரு நிறுவனம் தன் மேலாளருக்கு லீஸில் எடுத்துக் கொடுத்த வெள்ளை போர்டு கார், இந்தச் சந்தையில் துணிந்து வாங்கத்தக்க வண்டி. ஓட்டியவர் ஒருவர், சர்வீஸ் செலவு நிறுவனத்துடையது என்பதால் பெரும்பாலும் தேதி தவறாமல் நடந்திருக்கும், ஓட்டம் கூடுதலாக இருந்தாலும் பெரும்பகுதி நெடுஞ்சாலையில் இருக்கும். செல்ஃப் டிரைவ் கார் அப்படியல்ல. வாரத்துக்கு நான்கு பேர் நான்கு விதமாக ஓட்டுவார்கள், ஒருவருக்கும் வண்டி சொந்தமில்லை. குளிர்ந்த இன்ஜினை முறுக்குவதும், பாதி கிளட்ச்சை மிதித்துக்கொண்டே மேட்டில் நிறுத்துவதும் அதில் வழக்கம். இவற்றில் மிக மோசமாக அடிபடுவது, இரண்டு டிரைவர்கள் முறை மாற்றி இரவும் பகலும் ஓட்டும் ஊழியர் போக்குவரத்து வண்டி. சென்னை பழைய மாமல்லபுரம் சாலை போன்ற ஐ.டி. வழித்தடங்களில் இவை ஏராளம். நெரிசலில் ஓயாமல் மாற்றும் கியரும், ஒவ்வொரு வேகத்தடையிலும் வாங்கும் அடியும் இவற்றின் கிளட்ச்சையும் சஸ்பென்ஷனையும் தின்றுவிடுகின்றன.

வண்டியின் உண்மையைக் கண்டுபிடிக்க முதலில் கை வைக்க வேண்டியது இன்ஜினில் அல்ல, ஆர்.சி.யில். போர்டு மாறினாலும் தயாரிப்பாளர் வைத்த மாடல் பெயர் மாறாது. மாருதி டிசையரின் டாக்ஸி வடிவத்துக்கு ‘டூர்’ என்றும், ஹூண்டாய் எக்ஸென்ட்டின் டாக்ஸி வடிவத்துக்கு ‘பிரைம்’ என்றும் பெயர். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் வகை, மாடல், எத்தனையாவது உரிமையாளர் என்ற விவரங்கள் வரும். மாடல் பெயரில் அந்தச் சொல் இருந்துவிட்டால் விற்பவரின் ‘சிங்கிள் ஓனர், ஃபேமிலி வண்டி’ என்ற பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் சாதாரண மாடலையே டாக்ஸியாகப் பதிவு செய்து ஓட்டியவர்களும் உண்டு. எனவே பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். பயணிகள் வாகனம் என்ற வகையில் எடுத்த பாலிசி ஒன்று இருந்தாலும் போதும், முன்கதை தெரிந்துவிடும்.

அடுத்தது வண்டியே சொல்லும் சாட்சி. 2019இல் பதிவான, மீட்டரில் 72,000 காட்டும் டீசல் செடான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சீட் கவர் புதிது. ஆனால் அதைத் தூக்கிப் பார்த்தால் டிரைவர் சீட்டின் கதவோரப் பஞ்சு அமுங்கிக் கிடக்கிறது. பிரேக் பெடல் ரப்பரின் வரிகள் மழுங்கியிருக்கின்றன. ஸ்டீயரிங்கில் கை படும் இடம் கண்ணாடி போல வழவழக்கிறது. பின்னிருக்கையின் இடப்பக்கக் கதவு, மற்றக் கதவுகளைவிடத் தளர்ந்து தொங்குகிறது. பயணிகள் ஏறி இறங்குவது பெரும்பாலும் அந்தப் பக்கம்தானே. உள்பக்கத் தூண் பிளாஸ்டிக்கில், அபாய பட்டன் கழற்றப்பட்ட இடத்தில் அடைத்த துளை. நெடுஞ்சாலையில் 80ஐத் தொட்டதும் வண்டி அதற்கு மேல் ஏற மறுக்கிறது. டாக்ஸிகளுக்குக் கட்டாயமான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை யாரும் கழற்றவில்லை என்று பொருள்.

சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேட்டால், அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் வண்டி வந்த தேதியும் மீட்டர் அளவும் பதிவில் இருக்கும். 2022இலேயே 1,58,000 என்று அங்கே எழுதியிருந்தால் இன்றைய 72,000 பொய். 2021க்குப் பிறகு பதிவே இல்லையென்றால், அதன் பிறகு வண்டி வெளி மெக்கானிக்கிடம் போயிருக்கிறது. என்ன மாற்றப்பட்டது, எந்த ஆயில் ஊற்றப்பட்டது என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

இந்த வண்டிக்கு அடுத்த ஓராண்டில் கிளட்ச் செட், நான்கு ஷாக் அப்சார்பர், புஷ்கள், இன்ஜின் மவுன்ட் எல்லாம் சேர்ந்து நாற்பதாயிரம் ரூபாய் வரை கேட்கும். டர்போவும் இன்ஜெக்டர்களும் சேர்ந்து போனால் விலையில் மிச்சம் பிடித்த ஒரு லட்சம் அதிலேயே தீர்ந்துவிடும். அந்தக் காரை வாங்கவே கூடாது என்பதல்ல. ஓட்டம் 2,40,000 என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலை வைத்து, சர்வீஸ் பதிவையும் கையில் கொடுப்பவரிடம் தாராளமாக வாங்கலாம். சேசிஸ் எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.