கால் மில்லிமீட்டரும் ஒன்றரை மில்லிமீட்டரும்

பருத் தழும்பைப் போக்கிக்கொள்ள ஊசி உருளைச் சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணைப் பற்றி இந்தியத் தோல் மருத்துவர்கள் 2012-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். பழைய குழிகள் நிரம்புவதற்குப் பதிலாக, நெற்றியின் ஓரத்திலும் பொட்டிலும் கன்ன எலும்பின் மேலும் புதுத் தழும்புகள் முளைத்திருந்தன. சின்னச் சின்ன மேடுகள், நேர்கோடுகளில், உருளை ஓடிய திசையிலேயே வரிசைகட்டி நின்றன. தண்டவாளம் போல இருந்ததால் மருத்துவர்கள் அதற்கு ‘டிராம் தட விளைவு’ என்று பெயர் வைத்தார்கள். ஊசி நீளமானது, அழுத்தம் அதிகம், அடியில் எலும்பு. இவை மூன்றும் சேர்ந்ததுதான் காரணம்.

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு டெர்மாரோலர் கிடைக்கும் காலத்தில் இந்தச் சம்பவம் கவனிக்க வேண்டியது. பட்டியலில் 0.25, 0.5, 1, 1.5, 2 என்று அளவுகள் வரிசையாக இருக்கும். விலை எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கொஞ்சம் பெரியதாகவே வாங்கினால் சீக்கிரம் பலன் கிடைக்கும் என்று கை தானாக 1.5-க்குப் போகிறது. உடைக்கு அளவு பார்ப்பதுபோல் இதைப் பார்க்க முடியாது. அந்த எண்தான் சிகிச்சையே.

முகத்தின் மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெரிதாக இருப்பதில்லை. அதற்குக் கீழே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் உள்தோல் இருக்கிறது. ரத்தக் குழாய், நரம்பு, தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் இழைகள் எல்லாம் அங்கேதான். பரு ஆழமாகப் புண்ணாகும்போது அழிவது இந்த இழைகள். அழிந்த இடம் உள்வாங்குவதால் குழி விழுகிறது. ஆக, ஊசி உள்தோலைத் தொட்டுக் காயப்படுத்தினால்தான் உடம்பு அங்கே புதுக் கொலாஜனை அனுப்பும். 1997-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் இரண்டு மருத்துவர்கள், மை இல்லாத பச்சை குத்தும் கருவியால் தழும்புகளைக் குத்திப் பார்த்தபோது நம்பியது இதைத்தான். பிறகு தென்னாப்பிரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் அந்த ஊசிகளை உருளையில் பதித்தார்.

கால் மில்லிமீட்டர் ஊசி என்ன செய்யும்? தோலின் மேற்பரப்பில் நுண்துளை போடும். பூசும் சீரம் உள்ளே இறங்க வழி கிடைக்கும், முகம் சிவந்து கொஞ்சம் மினுமினுக்கும். குழி அப்படியே இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர் ஊசி உள்தோலுக்குப் போய்விடும், ரத்தம் புள்ளி புள்ளியாகக் கசியும். மருத்துவருக்கு அந்தக் கசிவே ‘இந்த இடத்தில் போதும்’ என்ற அடையாளம். வீட்டில் உருட்டுபவருக்குத் தழும்பைத் தொடும் ஆழம் பாதுகாப்பில்லை, பாதுகாப்பான ஆழம் தழும்பைத் தொடாது. விற்பவர்கள் சொல்லாமல் விடுவது இந்தச் சிக்கலைத்தான்.

இன்னொன்று, பெட்டியில் போட்டிருக்கும் நீளம் அப்படியே ஆழமாக மாறாது. தோல் முதலில் அமுங்கிக்கொடுக்கும், பிறகுதான் துளைபடும். சதைப்பிடிப்பான கன்னத்தில் பாதிதான் இறங்கலாம். எலும்பு முட்டும் நெற்றியில் தோலுக்கு அமுங்க இடமில்லை, அதே அழுத்தத்தில் ஊசி ஆழமாகப் போகும். தேர்ந்த கை நெற்றிக்கு வந்ததும் இலேசாகிவிடும், சிறிய ஊசிக்கு மாறிக்கொள்ளும். கண்ணாடி முன் வலியைப் பொறுத்துக்கொண்டு தனக்குத்தானே உருட்டும் கைக்கு அந்த நிதானம் எப்படி வரும்?

தொற்றுக்கும் வேர் இங்கேதான். மருத்துவமனையில் வழக்கமாகப் பயன்படும் உருளையில் 192 ஊசிகள். ஒரே இடத்தில் 15 முறை உருட்டினால் ஒரு சதுர செ.மீ. தோலில் சுமார் 250 துளைகள் விழும். அவை மூடிக்கொள்ளப் பல மணி நேரம் ஆகலாம். அதுவரை தோலில் வழக்கமாகக் குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு வாசல் திறந்தே கிடக்கும். பழுத்த பரு மேல் உருட்டினால் சீழிலுள்ள கிருமி முகம் முழுக்க விதைக்கப்படும். உதட்டோரக் கொப்புளம், மரு, படர்தாமரை ஆகியவையும் இப்படி உருளை போன வழியில் பரவும்.

மருத்துவமனையில் உருளை கிருமி நீக்கி உறையில் வரும், ஒருவருக்குப் பயன்பட்டதும் குப்பைக்குப் போகும். வீட்டில் அதே உருளை ஸ்பிரிட்டில் நனைந்து மாதக்கணக்கில் உழைக்கிறது. ஊசி அடியில் காய்ந்த ரத்தமும் தோல் துகளும் ஒட்டியிருந்தால் அதற்குள்ளிருக்கும் கிருமியை ஸ்பிரிட் எட்டாது. கொதிநீரில் போட்டால் பிளாஸ்டிக் நெளியும். முனை மழுங்கிய அல்லது வளைந்த ஊசி குத்தாது, கிழிக்கும். பஞ்சின் மேல் உருட்டிப் பார்த்து இழை மாட்டினால் அந்த உருளை முடிந்துவிட்டது.

அக்காவும் தங்கையும் ஒரே உருளையைப் பகிர்ந்துகொள்வது இன்னும் மோசம். ஹெபடைடிஸ் பி வைரஸ் காய்ந்த பரப்பில் குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கும். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ரத்தப் பிளாஸ்மா தடவி ஊசி குத்தும் ‘வாம்பயர் ஃபேஷியல்’ செய்த உரிமமில்லாத அழகு நிலையம் ஒன்று 2018-ல் மூடப்பட்டது. பெயர் ஒட்டாத ரத்தக் குழாய்கள் அங்கே சமையலறை ஃபிரிட்ஜில் உணவோடு சேர்ந்து கிடந்தன. வாடிக்கையாளர்களில் மூன்று பெண்களுக்கு எச்.ஐ.வி. அங்கிருந்தே வந்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024-ல் அறிவித்தது.

துளை வழியே போவது கிருமி மட்டுமல்ல. வைட்டமின் சி சீரம் உட்பட, மேலே பூசுவதற்கென்றே தயாரான பொருட்களை ஊசித் துளை வழியே இறக்கியதில் மூன்று பெண்களுக்கு முகத்தில் கட்டிகட்டியாக ஒவ்வாமை வீக்கம் கண்டதாக 2014-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். மணமூட்டியும் பதப்படுத்தியும் கலந்த திரவத்துக்கு உள்தோலில் வேலையில்லை. மஞ்சள், எலுமிச்சைச் சாறு, கற்றாழைக்கும் அதே விதிதான்.

அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018-ல் முகப்பருத் தழும்புக்கு முதல் மைக்ரோநீட்லிங் கருவியை அனுமதித்தது. அதுவும் 22 வயது நிரம்பியவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் கையால் என்றுதான். மருத்துவரிடம் போனாலும் எல்லாக் குழிக்கும் ஊசி உருளை சரிவராது. ஊசி குத்தியதுபோல் குறுகி ஆழமாக இறங்கும் குழிக்கு அந்தத் துளைக்குள் மட்டும் அமிலம் வைப்பார்கள். அடியில் நார் இழுத்துப் பிடித்திருக்கும் குழிக்கு நாரை முதலில் அறுத்துவிட வேண்டும். உருளை பலன் தரும் குழிக்கும் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல அமர்வுகள் தேவை, கொலாஜன் முதிர மாதங்கள் ஆகும். வாராவாரம் உருட்டுபவர் ஆறத் தொடங்கிய புண்ணையே மறுபடி கீறுகிறார். மாநிறத் தோலில் அதன் முதல் பலன் கருந்திட்டு. வெயில் பட்டால் அது இன்னும் அழுத்தமாகப் படியும்.

ஏற்கெனவே உருட்டியாயிற்று என்றால் என்ன பார்ப்பது? வெயிலில் கன்றியது போன்ற சிவப்பு ஓரிரு நாளில் தணியும். மூன்றாம் நாள் சிவப்பும் சூடும் வலியும் கூடினால், சீழோ மஞ்சள் பொருக்கோ கண்டால், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் எழுந்தால், காய்ச்சல் அடித்தால் அன்றே தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வாரங்கள் கழித்து வரும் வலியில்லாத கெட்டிக் கட்டியையும் அலட்சியப்படுத்தக் கூடாது. மெதுவாக வளரும், சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு அசையாத மைக்கோபாக்டீரியா வகைத் தொற்றாக இருக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மட்டும் தடவ வேண்டாம். சிவப்பு அடங்கியதுபோல் தெரியும், உள்ளே கிருமி பெருகும், மருத்துவருக்கும் நோயின் முகம் மறைந்துவிடும். அதற்குப் பதிலாக உருளையையும் சீரம் பாட்டிலையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போகலாம். ஊசி எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தேதியில் உருட்டியது, மேலே என்ன பூசியது என்பவைதான் அவர் முதலில் கேட்கப்போகும் கேள்விகள்.