அப்டேட் முடிந்தது, நெட் எங்கே?

இரவில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டுவிட்டுத் தூங்கியவரின் போனில் காலையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கின்றன. அழைப்பும் போகிறது. வாட்ஸ்அப் மட்டும் அசையவில்லை. சிம் கெட்டுவிட்டதென்று பலர் கடைக்கு ஓடுவது இந்தக் கட்டத்தில்தான். அழைப்பு போகிறதென்றால் சிம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

டேட்டா பேக் தீரவில்லை, மொபைல் டேட்டா ஆன் ஆகியிருக்கிறது என்றால் அடுத்து சந்தேகிக்க வேண்டியது ஏபிஎன். போன் எந்த வாசல் வழியாக இணையத்துக்குள் நுழைய வேண்டும் என்று சொல்லும் முகவரி அது. அப்டேட்டின்போது இது சில சமயம் அழிந்துபோகும், அல்லது மாறிவிடும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குள் Access Point Names இருக்கும். ஜியோ சிம் என்றால் அங்கே jionet, ஏர்டெல் என்றால் airtelgprs.com, பிஎஸ்என்எல் என்றால் bsnlnet இருக்க வேண்டும். காலியாக இருந்தால் புதிதாகச் சேர்த்து, சேமித்து, அதையே தேர்வு செய்து, போனை ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். சேமித்துவிட்டுத் தேர்வு செய்ய மறப்பவர்கள் நிறையப் பேர்.

ஐபோனில் வைஃபையில் இருந்தபடி Settings, General, About என்று போய்ச் சற்றுக் காத்திருந்தால், நிறுவனத்தின் புதிய அமைப்பு இருக்கும்பட்சத்தில் போனே கேட்கும்.

இதற்கும் அசையாவிட்டால் நெட்வொர்க் ரீசெட். போட்டோக்களும் தொடர்பு எண்களும் போகாது. ஆனால் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் அழிந்துவிடும், கையால் சேர்த்த ஏபிஎன்னும் போய்விடலாம். இரண்டையும் முதலில் குறித்துக்கொள்வது நல்லது.

அதன் பிறகும் வரவில்லையா? அதே சிம்மை வேறு போனில் போட்டுப் பார்க்கலாம். அங்கும் நெட் வராவிட்டால் கோளாறு சிம்மிலோ இணைப்பிலோ இருக்கிறது, வாடிக்கையாளர் சேவையைத்தான் அழைக்க வேண்டும்.